கஃபே வாசல் கரும்பலகையைப் படம் பிடித்துப் படிப்பது எப்படி?

மலேசியாவின் ஜார்ஜ் டவுனில் கஃபே வாசலில் நிற்கும் கரும்பலகையைக் கைப்பேசியில் படம் பிடித்து அப்படியே மொழிபெயர்ப்புச் செயலிக்குக் கொடுத்தால் பாதிதான் உருப்படியாக வரும். சாக்கட்டியால் அவசரமாக எழுதுபவர்கள் மலாய்ச் சொற்களின் உயிரெழுத்துகளை விழுங்கிவிடுவார்கள். செயலிக்கோ முழுச் சொல் வேண்டும். அதனால் முதலில் நீங்களே சொல்லை நிரப்பி, தட்டச்சு செய்து கேளுங்கள். ஒரு பலகை இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

```
N. Lemak Ayam Grg  12.90 10.90
Dgg Msk Hitam      13.90
Kgkg Blcn          8
Sotong Smbl        hbs
Set + air          +2
```

முதல் வரி நாசி லெமாக், ஆயாம் கோரேங். தேங்காய்ப்பால் சோறும் பொரித்த கோழியும்தான்.

இரண்டாவது வரியில்தான் நம்மவர் பலர் தடுமாறுவார்கள். Msk Hitam மாசாக் ஹித்தாம், கறுப்புச் சோயா சாற்றில் சமைத்தது. Dgg என்பது டாகிங். செயலி 'இறைச்சி' என்று பொதுவாகச் சொல்லிவிடும். ஆட்டுக்கறி என்று நினைத்துக்கொள்வீர்கள். இங்கே கடைகளில் டாகிங் என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி. ஆட்டுக்குக் கம்பிங் என்று தனிப்பெயர் உண்டு. மாடு சாப்பிடாதவர்கள் இந்த ஒரு சொல்லையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது வரி கங்குங் பெலாச்சான். பார்வைக்கு வெறும் கீரை. ஆனால் பெலாச்சான் இறால் விழுது; வதக்கும்போது கரைந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. சைவக்காரர்கள் 'சாயூர்' என்று எழுதியிருந்தாலும் நம்பிவிட வேண்டாம், அது வெறுமனே காய்கறி என்றுதான் பொருள். 'அடா பெலாச்சான்? அடா இகான் பிலிஸ்?' என்று கேளுங்கள், அடா என்றால் இருக்கிறதா. இகான் பிலிஸ் நெத்திலிக் கருவாடு, சம்பலில் அடிக்கடி இருக்கும்.

நான்காவது வரியின் hbs, ஹாபிஸ்: கணவாய் சம்பல் தீர்ந்துவிட்டது.

விலைக்கு வருவோம். முதல் வரியில் 12.90-இன் மேல் கோடு அடித்திருக்கிறது என்று வையுங்கள். அந்தக் கோடு செயலிக்குப் பெரும்பாலும் தெரியாது, இரண்டு எண்ணையும் வரிசையாகக் காட்டிவிடும். அதற்கு மூலப்படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு விலையின் மேல் மட்டும் ஓடினால் விலை மாறியிருக்கிறது. பக்கத்தில் எழுதியதே இன்றைய விலை. பெயரிலிருந்து விலை வரை ஒரே கோடாக இழுத்திருந்தால் அந்த உணவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். சரியாகத் துடைக்காத பழைய சாக்கட்டித் தடமும் கோடு போலத் தெரியும், அதனால் சந்தேகம் வந்தால் விலையைச் சுட்டிக்காட்டி 'இனி பெராப்பா?', அதாவது இது எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். பலகையில் தேதி இருந்தால் அதையும் பாருங்கள், நேற்றையதை அழிக்காமல் விட்டுவிடுவதும் உண்டு.

கடைசி வரியின் air காற்று இல்லை. மலாயில் தண்ணீர், இங்கே பானம். இரண்டு மலேசிய வெள்ளி சேர்த்தால் பானமும் கிடைக்கும். பலகையின் அடியில் ++ என்று பொடியாக இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 6 விழுக்காடு சேவை வரியும் மேலே ஏறும். அப்போது 10.90 நாசி லெமாக் பில்லில் பன்னிரண்டரை வெள்ளியைத் தாண்டிவிடும்.