மூன்று நான்கு ஐந்து: சரிவு நிலத்தில் செய்யும் தவறு

சாட்ஸ்வொர்த்தில் வீடு கட்ட மனை அளக்கும் இளைஞர்களைப் பார்க்கிறேன். மூலை செங்கோணமாக வர இரு பக்கங்களில் மூன்றும் நான்கும், குறுக்கே ஐந்தும் மீட்டர் அளக்கும் கணக்கு அவர்களுக்கு மனப்பாடம். முளை அடிக்கிறார்கள், நூல் கட்டுகிறார்கள், மூலைவிட்டமும் பார்க்கிறார்கள். ஆனால் டர்பனைச் சுற்றிய இந்தப் பகுதி மேடும் சரிவுமானது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

டேப்பைத் தரையோடு படுக்க வைப்பது

இந்தத் தவறுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது, ஏனென்றால் மூலைவிட்டச் சோதனையில் இது அகப்படாது. பழைய வீட்டை இடித்துவிட்டு 12 மீட்டருக்கு 9 மீட்டரில் புதிய வீடு கட்டினார்கள். 9 மீட்டர் பக்கம் சரிவில் இறங்கியது. இரு முனைகளுக்கும் இடையே 1 மீட்டர் இறக்கம். டேப்பைச் சரிவிலேயே இழுத்து அளந்தார்கள். "அண்ணா, இரண்டு மூலைவிட்டமும் 15 மீட்டர், வந்து பாருங்கள்" என்றான் அளந்த தம்பி. டேப்பில் 15 மீட்டர்தான் இருந்தது. சாய்ந்த பலகையில் சதுரம் வரைந்தால் அந்தப் பலகையில் அது சதுரம்தானே! சுவரோ செங்குத்தாக எழும்புவது. மேலிருந்து பார்த்தால் 9 மீட்டர் என்று அளந்தது 8.94 மீட்டர்தான், ஏறத்தாழ 56 மில்லிமீட்டர் குறைவு. வரைபடத்தின்படி தொழிற்சாலையில் செய்து வந்த கூரைச் சட்டங்களின் முனைகள் சுவரைத் தாண்டி நின்றன. அதைச் சரிசெய்யச் செலவான பணத்தில் நல்ல மட்டக் கருவியே வாங்கியிருக்கலாம்.

வீடு சரிவுக்குக் கோணலாகத் திரும்பியிருந்தால் இன்னும் மோசம். அப்போது நீளம் மட்டுமல்ல, மூலையே செங்கோணமாக இருக்காது.

ஆகவே முதலில் மூலைகளுக்கு வெளியே பலகைகளை நட்டு, தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயால் எல்லாவற்றையும் ஒரே மட்டத்திற்குக் கொண்டுவாருங்கள். தாழ்வான பக்கத்துப் பலகை உயரமாக நிற்கும். முட்டுக் கொடுக்காவிட்டால் நூலின் இழுப்பில் சாயும். பலகைகளுக்கு இடையே கட்டிய நூல்களின் மேல்தான் 3, 4, 5 அளக்க வேண்டும். சரியான புள்ளியைத் தூக்குக்குண்டு விட்டுத் தரைக்கு இறக்குங்கள். சரிவு மிகுதியென்றால், டேப்பைக் கிடைமட்டமாகப் பிடித்துப் படிப்படியாக அளந்து இறங்குங்கள்.

சின்ன முக்கோணம்

60, 80, 100 சென்டிமீட்டரில் மூலை பார்த்தால், 5 மில்லிமீட்டர் பிசகுகூட 12 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 125 மில்லிமீட்டராகிவிடும். 3, 4, 5 மீட்டரில் அதே பிசகு 25 மில்லிமீட்டர். இடம் இருந்தால் 6, 8, 10 போடுங்கள். 12 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மட்டுமே வரும்.

மூலைவிட்டம் சமம், ஆகவே சரி?

இல்லை. எதிரெதிர்ப் பக்கங்களும் சமமாக இருக்க வேண்டும்.

மூலைவிட்டம் சமமில்லையென்றால்

பக்கங்கள் சரியாக இருந்து, 12க்கு 9 வீட்டில் மூலைவிட்டங்கள் 32 மில்லிமீட்டர் வேறுபட்டால், ஒரு 12 மீட்டர் பக்கத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப் பக்கத்தின் இரு முளைகளையும் அதன் நீளவாக்கில், குட்டையான மூலைவிட்டம் நீளும் திசையில், 20 மில்லிமீட்டர் நகர்த்தி மீண்டும் அளந்து பாருங்கள்.