‘படி’ ஜோக்கை ஆங்கிலத்தில் சொல்லும்போது எங்கே சறுக்குகிறது?

ஸ்டாண்ட்-அப் செட் ஒன்றை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது சம்பவத்தை நம்பிய ஜோக்குகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அப்பா திட்டினார், பையன் முழித்தான் என்பது எந்த மொழியில் சொன்னாலும் புரியும். மாட்டிக்கொள்வது சிலேடைதான். அதனால் சிலேடையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு செட்டை வைத்து என்னென்ன தவறுகள் நடக்கின்றன என்று பார்ப்போம். இந்தக் கட்டுரைக்காகவே எழுதிய செட் இது. மூன்று துண்டுகள், நடுநடுவே வேறு விஷயங்கள் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் துண்டு: “சின்ன வயசுல அப்பா தினமும் ‘படி, படி’ன்னுட்டே இருப்பாரு. பரீட்சையில ஃபெயில். ‘உன்னை எத்தனை தடவை படின்னு சொன்னேன்?’னாரு. ‘மூணாவது படியிலதான்பா உக்காந்திருந்தேன்’னேன்.”

அப்புறம் அலுவலகம்: “வேலைக்குச் சேர்ந்தேன். சம்பளம் கம்மி, ஆனா பயணப்படி உண்டுன்னாங்க. அன்னிக்குத்தான் அப்பா சிரிச்சாரு: ‘உனக்கும் ஒரு படி வந்துச்சே!’”

கடைசியில்: “இப்ப வேலைய விட்டுட்டு மேடைக்கு வந்துட்டேன். அப்பா கேட்டாரு, ‘என்னிக்காவது நான் சொன்னபடி நடந்தியா?’ ‘இல்லப்பா, நீங்க சொன்ன படியில உக்காந்தேன்.’”

இதை ஆங்கிலத்தில் சொல்ல உட்காருபவர் செய்யும் முதல் தவறு, சொல்லை அப்படியே மாற்றிவிட்டு விளக்கம் சேர்ப்பது. “தமிழில் படி என்றால் ஸ்டடி என்றும் அர்த்தம், ஸ்டெப் என்றும் அர்த்தம்” என்று சொல்லிவிட்டு ஜோக்கைச் சொல்வார்கள். கூட்டம் மரியாதைக்குத் தலையாட்டும். சிலேடை வேலை செய்ய இரண்டு அர்த்தங்களும் கேட்பவர் தலைக்குள் ஏற்கெனவே இருக்க வேண்டும். ஒன்றை நம்பிப் போய்க்கொண்டிருக்கும்போது இன்னொன்று குறுக்கே வருவதில்தான் சிரிப்பு. விளக்கம் இரண்டாவது அர்த்தத்தை முன்கூட்டியே கையில் கொடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் பஞ்ச் வெறும் சரிபார்ப்பு.

இரண்டாவது தவறு இதைவிட நுட்பமானது, நல்ல எழுத்தாளர்களும் விழும் இடம். சொல்லை விட்டுவிடுவார்கள், ஆனால் படத்தை விடமாட்டார்கள். மாடிப்படி ஜோக்கில் மாடிப்படி இருந்தே ஆக வேண்டும் என்று தேடினால் ஆங்கிலத்தில் ‘டேக் ஸ்டெப்ஸ்’ கிடைக்கும். நடவடிக்கை எடு என்று பொருள், படியேறுவது என்றும் இழுக்கலாம். ஆகா, இரண்டும் ஒத்துப்போகிறதே என்று தோன்றும். ஆனால் எந்த அப்பா மகனைப் பார்த்து ‘டேக் ஸ்டெப்ஸ்’ என்று கத்துவார்? அது சுற்றறிக்கையில் வரும் தொடர். அப்பாவின் குரல் போய்விட்டால் அதற்குக் கீழ்ப்படிகிற பையனின் அப்பாவித்தனமும் போய்விடும்.

காப்பாற்ற வேண்டியது எது என்று கண்டுபிடிக்க, ஜோக்கைச் சிலேடை இல்லாமல் ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். இந்த செட்டுக்கு அது இப்படி வரும்: ‘அப்பாவின் கட்டளையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றி, அதனாலேயே படிப்பிலிருந்து தப்பிக்கிற பையன்.’ இதில் மாடியே இல்லை பாருங்கள். தேவை மூன்றுதான்: அப்பா வழக்கமாகச் சொல்லும் ஒரு கட்டளை, அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ள ஒரு வழி, அப்படி எடுத்துக்கொண்டவன் கெட்டவனாகத் தெரியாமல் இருப்பது.

இனி ஆங்கிலத்தில் படிப்பைச் சுற்றிய கட்டளைகளைப் பட்டியலிடலாம். இங்கே ஒரு விஷயம் உதவும். ஆங்கிலச் சிலேடை தனிச்சொல்லில் இருப்பதைப் போலவே பேச்சுவழக்குத் தொடர்களிலும் நிறைய உட்கார்ந்திருக்கிறது. 2014-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ ஃபிரிஞ்ச் கலை விழாவின் சிறந்த ஜோக்காகத் தேர்வான, பிரிட்டிஷ் நகைச்சுவையாளர் டிம் வைனின் ஜோக், தூசி உறிஞ்சும் இயந்திரத்தை விற்றுவிட முடிவுசெய்ததைப் பற்றியது. காரணம், அது தூசிதான் சேர்த்துக்கொண்டிருந்ததாம். ‘கலெக்டிங் டஸ்ட்’ என்றால் பயன்படாமல் கிடக்கிறது என்று வழக்கு. அந்த இயந்திரத்தின் வேலையே தூசி சேர்ப்பது. எந்தத் தனிச்சொல்லுக்கும் அங்கே இரண்டு அர்த்தம் இல்லை, தொடர்தான் இரண்டு பக்கம் பார்க்கிறது. ஆகவே தேடும்போது அகராதியைவிட மரபுத்தொடர்களின் பட்டியல் அதிகம் கைகொடுக்கும்.

அப்படித் தேடினால் ‘பர்ன் த மிட்நைட் ஆயில்’ வரும், ராத்திரி கண்விழித்துப் படிப்பது என்று பொருள். ஆனால் அது அப்பாவின் அதட்டலாக ஒலிக்காது. ‘ஹிட் த புக்ஸ்’ வரும். உட்கார்ந்து மும்முரமாகப் படி என்று பொருள், நேராக எடுத்தால் புத்தகத்தை அடி. கட்டளை, நேர்ப்பொருள், அப்பாவித்தனம் மூன்றும் இருக்கின்றன. மேடையில் இப்படி வரும்: “மை டேட் கெப்ட் சேயிங், ஹிட் த புக்ஸ்! ஸோ ஐ டிட். த புக்ஸ் ஆர் ஃபைன். ஐ ப்ரோக் டூ ஃபிங்கர்ஸ்.” புத்தகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, விரல்தான் உடைந்தது. மாடிப்படி காணாமல் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. பையன் அப்படியே இருக்கிறான்.

சரி, இதோடு முடித்துக்கொண்டு அடுத்த ஜோக்குக்குத் தனியாக ஒரு சிலேடை தேடினால் மூன்றாவது தவறு. தமிழ் செட்டில் மூன்று துண்டுகளையும் கட்டியிருப்பது ‘படி’. கடைசித் துண்டுக்கு வரும் சிரிப்பில் பாதி, பழைய படி திரும்பி வந்ததற்கானது. துண்டு துண்டாக மொழிபெயர்த்தால் கடைசி ஜோக் தனியாக நின்று மெலிந்துபோகும். எனவே முதல் ஜோக்குக்கான சொல்லைத் தேர்வு செய்யும்போதே அது கடைசிவரை வருமா என்று பார்க்க வேண்டும். ‘டேக் ஸ்டெப்ஸ்’ தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வழியில் போனால் முடிவுத் துண்டுக்கு நல்லதாக எதுவும் கிடைக்கவில்லை.

‘புக்’ தாங்குகிறது. அலுவலகத்துக்கு ‘பை த புக்’ இருக்கிறது. விதிப்படி என்று வழக்கு, புத்தகத்தின் பக்கத்தில் என்று நேர்ப்பொருள். “மை பாஸ் வான்டட் எவ்ரிதிங் டன் பை த புக். ஸோ தட்ஸ் வேர் ஐ ஸ்லெப்ட்.” பயணப்படி போய்விட்டது, ஆனால் கட்டளையை நேராக எடுத்துக்கொள்ளும் குணம் அலுவலகத்துக்கும் வந்துவிட்டது. உண்மையில் தமிழ்த் துண்டைவிட இது கதைக்கு நெருக்கம். முடிவுக்கு ‘புக்ட்’. நிகழ்ச்சிகளால் தேதிகள் நிரம்பிய கலைஞர் ‘ஃபுல்லி புக்ட்’. “டேட் ஆஸ்க்ட், டிட் யூ எவர் ஓபன் எ புக்? ஐ செட், நோ டேட். பட் ஐ ஆம் ஃபுல்லி புக்ட்.”

அதே குடும்பத்தில் ‘குக் த புக்ஸ்’ என்று இன்னொன்று உண்டு, கணக்கில் பொய் எழுதுவது. சிரிப்பு நிச்சயம் வரும். எடுக்கக் கூடாது. சோம்பேறியாக இருந்தவன் மோசடிக்காரனாகிவிடுவான், அப்புறம் ‘ஃபுல்லி புக்ட்’ என்று அப்பாவிடம் பெருமையடிப்பது போலீஸ் வழக்குப்பதிவு போலக் கேட்கும். சிலேடை கிடைத்த சந்தோஷத்தில் கதாபாத்திரத்தை விற்றுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது சொற்களின் வரிசை. தமிழில் வினை கடைசியில் வரும், அதனால் வாக்கியத்தைத் திறப்பது பெரும்பாலும் கடைசிச் சொல்தான். ‘படின்னாரு’ என்பதில் யார் சொன்னார் என்பது சொன்னதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆங்கிலத்தில் ‘ஹி செட்’ முன்னால் வந்து நிற்கும். தமிழில் ஒரே வாக்கியமாகச் சொல்லும் பழக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே ஆங்கில வாக்கியத்தில் அடைத்தால், “ஐ ப்ரோக் டூ ஃபிங்கர்ஸ் வென் ஐ ஹிட் த புக்ஸ் ஆஸ் மை டேட் செட்” என்பது போல, உடைந்த விரல் முதலிலேயே வெளியே வந்து, அதன்பின் யாருக்கும் தேவையில்லாத சொற்கள் நீளும். சிரிக்க ஆரம்பித்தவர்கள் மீதியைக் கேட்பதற்காக நிறுத்திவிடுவார்கள். திருப்பத்தைத் திறக்கும் சொல்லை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளுங்கள். முடியாவிட்டால் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள்.

இதன் இன்னொரு முகம் உயர்திணை, அஃறிணை வேறுபாடு. “ராத்திரி என் பக்கத்துலயே படுத்துக்குது” என்று தமிழில் கடைசி எழுத்துவரை பேச்சு மனிதரைப் பற்றியா பூனையைப் பற்றியா என்று மறைக்கலாம். ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் தொடங்க முடியாது, ‘இட்’ என்றால் முதல் சொல்லிலேயே பூனை வெளியே வந்துவிடும். பெயர் வைத்துவிடுவது எளிய வழி, மனிதருக்கும் பொருந்துகிற பெயராக.

எந்தச் சிலேடை ஆங்கிலத்துக்கு வரும், எது வராது என்பதற்கு நம் அணியிலக்கணத்தின் பழைய பிரிவே போதும். சொல் பிரியாமல் பல பொருள் தருவது செம்மொழிச் சிலேடை, வேறு வேறாகப் பிரித்துப் பொருள் கொள்வது பிரிமொழிச் சிலேடை. ‘படி, படி’ முதல் வகை, ‘சொன்னபடி – சொன்ன படி’ இரண்டாம் வகைக்கு நெருக்கம். முதல் வகைக்கு ஆங்கிலத்தில் தொடர்ச் சிலேடை ஒன்றைத் தேடினால் கிடைக்க வாய்ப்புண்டு. இரண்டாம் வகைக்குப் பிரிந்து ஒலிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தேடி அலைவதைவிட, மேலே செய்தது போல அந்த இடத்தில் வேறு வகையை வைப்பதே மேல்.

உச்சரிப்பையும் சொல்லிவிட வேண்டும். நம் வாயில் ‘வெட்’ என்றால் ஈரமும் அதுதான், கால்நடை மருத்துவரும் அதுதான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் காதில் இவை இரண்டு வெவ்வேறு ஒலிகள், அங்கே சிலேடையே இல்லை. எழுதியவருக்கு மட்டும்தான் இருக்கிறது. மறுபக்கம், பிடிபட்டதையும் நீதிமன்றத்தையும் குறிக்கும் ‘காட்’, ‘கோர்ட்’ இரண்டும் தென் இங்கிலாந்து உச்சரிப்பில் ஒன்றுபோல் ஒலிக்கும். பெரும்பாலான அமெரிக்கர்கள் பின்னதில் ரகரத்தைச் சொல்வதால் அங்கே அந்த ஜோக் விழாது. ‘புக்’ வரிசைக்கு இந்தச் சிக்கல் இல்லை, எந்த உச்சரிப்பில் சொன்னாலும் அது ஒரே சொல்தான்.

சோதித்துப் பார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. தமிழ் தெரிந்த நண்பர்களிடம் ஆங்கில செட்டைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பது பின்னால் கேட்கும் தமிழ் ஜோக்குக்கு. தமிழ் அறவே தெரியாதவர்கள் முன் சொல்லி, ஒலிப்பதிவு செய்து, பஞ்சுக்கும் சிரிப்புக்கும் இடையில் உள்ள இடைவெளியைக் கேளுங்கள். உடனே வந்தால் சரி. கொஞ்சம் தாமதித்து வந்தால் இரண்டு அர்த்தங்களில் ஒன்று அவர்களுக்குப் பழக்கமில்லாதது, தொடரை மாற்ற வேண்டும். சிரிப்புக்குப் பதில் ‘ஓ...’ என்ற முனகல் வந்தால் சிலேடை புரிந்திருக்கிறது, ஆனால் அதன் கீழே ஆள் யாரும் இல்லை. அப்போது சொல்லை விட்டுவிட்டு அப்பாவின் வரிகளைத் திருத்துங்கள்.

எவ்வளவு தேடியும் கிடைக்காதவை சில மிஞ்சும். அந்த இடத்தில் சிலேடை இல்லாத ஒரு ஜோக்கை வைத்துவிட்டு, ஆங்கிலம் இலவசமாகக் கொடுக்கும் வேறொரு இடத்தில், தமிழ் செட்டில் இல்லாத ஒரு சிலேடையைச் சேர்த்துக்கொள்ளலாம். நூலகரிடம் அபராதம் கட்டும் காட்சி ஒன்று தமிழில் வெறும் இணைப்பாக இருந்திருக்கலாம். ‘புக்’ கையில் இருக்கும்போது ஆங்கிலத்தில் அதைச் சும்மா விட்டுவைக்கத் தேவையில்லை.