தொடர் பாஸ் ரெகுலேட்டர்: 9 வோல்ட் வெளியீடு எப்படிக் கிடைக்கிறது, லூப் கெயின் எங்கே கைகொடுக்கிறது

ரெகுலேட்டர் சர்க்யூட்டைப் பார்த்ததும் எல்லோரும் எழுதிவிடும் சூத்திரம் இது:

```
Vout = Vref × (1 + R1/R2)
```

இதில் டிரான்சிஸ்டரும் இல்லை, லோடும் இல்லை, உள்ளீட்டு மின்னழுத்தமும் இல்லை. நடுவில் சூடாகிக்கொண்டிருக்கும் டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் எங்கே போயிற்று? அதை விழுங்கிவிடுவது லூப் கெயின். அது குறைந்தால் மேலே உள்ள சூத்திரமும் பொய்யாகிவிடும். ஒரு 9 வோல்ட், அரை ஆம்பியர் ரெகுலேட்டரைக் கட்டிக்கொண்டே இதைப் பார்ப்போம்.

தேவையானவை

- TIP122 (டார்லிங்டன் பாஸ் டிரான்சிஸ்டர்), ஒரு வாட்டுக்கு 10 டிகிரி அல்லது அதைவிடக் குறைவாகச் சூடேறும் ஹீட்சிங்க், மைக்கா இன்சுலேட்டர்
- LM358 ஆப்-ஆம்ப்
- TL431 (ரெஃபரன்ஸ்), அதற்கு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்
- R1-க்கு 22 கிலோ ஓமும் அதோடு தொடராக 5 கிலோ ஓம் பிரீசெட்டும். R2-க்கு 10 கிலோ ஓம்
- வெளியீட்டில் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்
- 2.2 நானோஃபாரட் கெபாசிட்டர் (இது எதற்கு என்பது கடைசியில்)
- சோதனை லோடாக 18 ஓம், 10 வாட் ரெசிஸ்டர்
- கரண்ட் லிமிட் வைக்கக்கூடிய 15 வோல்ட் பெஞ்ச் சப்ளை

இந்த சர்க்யூட்டில் ஷார்ட் பாதுகாப்பு எதுவும் இல்லை. சப்ளையின் கரண்ட் லிமிட்டை 600 மில்லிஆம்பியரில் வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியீடு ஒருமுறை தரையைத் தொட்டாலே TIP122 போய்விடலாம்.

படி 1: ரெஃபரன்ஸ்

TL431-இன் ரெஃப் பின்னையும் கேத்தோடையும் ஒன்றாக இணைத்து, 4.7 கிலோ ஓம் வழியாக 15 வோல்ட்டுக்குக் கொடுங்கள். ஆனோடு தரைக்கு. பின்களின் வரிசையை உங்கள் கையில் உள்ள பாகத்தின் டேட்டாஷீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கேத்தோடில் 2.495 வோல்ட் அளவில் வர வேண்டும். ரெசிஸ்டர் வழியாக (15 − 2.5) / 4.7k, அதாவது சுமார் 2.7 மில்லிஆம்பியர் ஓடும். TL431 ஒழுங்காக வேலை செய்யக் குறைந்தது 1 மில்லிஆம்பியர் தேவை. உள்ளீடு 12 வோல்ட்டுக்கு இறங்கினாலும் 2 மில்லிஆம்பியர் கிடைக்கும் என்பதால் கவலையில்லை.

படி 2: பாஸ் டிரான்சிஸ்டரும் ஆப்-ஆம்பும்

TIP122-இன் கலெக்டர் 15 வோல்ட்டுக்கு, எமிட்டர் வெளியீட்டுக்கு, பேஸ் LM358-இன் 1-ஆம் பின்னுக்கு. அதன் உலோக முதுகு கலெக்டரோடு சேர்ந்தது என்பதால் ஹீட்சிங்க்குக்கு நடுவில் மைக்கா வையுங்கள். ஆப்-ஆம்பின் 8-ஆம் பின் 15 வோல்ட்டுக்கு, 4-ஆம் பின் தரைக்கு. பயன்படுத்தாத இரண்டாவது ஆப்-ஆம்பை அந்தரத்தில் விடாமல் 6, 7 பின்களைச் சேர்த்து, 5-ஐத் தரையில் போடுங்கள்.

ரெஃபரன்ஸ் 3-ஆம் பின்னுக்கு (பாசிட்டிவ் உள்ளீடு). R1 வெளியீட்டிலிருந்து 2-ஆம் பின்னுக்கு (நெகட்டிவ் உள்ளீடு), R2 அங்கிருந்து தரைக்கு.

இந்த இரண்டும் இடம் மாறக்கூடாது. எமிட்டர் ஃபாலோயரில் பேஸ் ஏறினால் எமிட்டரும் ஏறும், குறி புரள்வதில்லை. ஆகவே லூப்பில் குறியைப் புரட்டும் வேலையை ஆப்-ஆம்பின் நெகட்டிவ் உள்ளீடுதான் செய்ய வேண்டும். மாற்றிப் போட்டால் வெளியீடு கொஞ்சம் ஏறியதும் ஆப்-ஆம்ப் அதை இன்னும் ஏற்றும். வெளியீடு 12 வோல்ட் பக்கம் போயோ பூஜ்யத்திலோ ஒட்டிக்கொள்ளும், பிரீசெட்டைத் திருகினாலும் அசையாது. அப்படி நடந்தால் முதலில் பார்க்க வேண்டியது 2, 3 பின்களைத்தான்.

வெளியீட்டிலிருந்து தரைக்குப் போடும் 1 கிலோ ஓம் 9 மில்லிஆம்பியர் இழுக்கும். லோடே இல்லாதபோது டிரான்சிஸ்டரின் கசிவு வெளியீட்டை மேலே தூக்கிவிடாமல் அது பார்த்துக்கொள்ளும்.

படி 3: சூத்திரத்தை வருவிப்பது

ஆப்-ஆம்பின் கெயினை A என்று வைப்போம். R1, R2 சேர்ந்து வெளியீட்டில் ஒரு பங்கை மட்டும் திருப்பி அனுப்புகின்றன. அந்தப் பங்கு β. டார்லிங்டனின் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தமான VBE சுமார் 1.4 வோல்ட்.

```
β    = R2 / (R1 + R2)
Va   = A × (Vref − β × Vout)     (ஆப்-ஆம்ப் வெளியீடு)
Vout = Va − VBE
```

இரண்டாவது வரியை மூன்றாவதில் போட்டு, Vout உள்ளவற்றை ஒரு பக்கம் கொண்டுவந்தால்:

```
Vout × (1 + Aβ) = A × Vref − VBE
Vout = (A × Vref − VBE) / (1 + Aβ)
```

கீழே இருக்கும் Aβ தான் லூப் கெயின். சிக்னல் ஆப்-ஆம்ப் வழியாக, டிரான்சிஸ்டர் வழியாக, R1-R2 வழியாக ஒரு சுற்று சுற்றி வரும்போது எத்தனை மடங்காகிறது என்பதே அது. டிரான்சிஸ்டரின் பங்கு ஏறத்தாழ 1 என்பதால் அதை விட்டுவிடலாம். Aβ மிகப் பெரியது என்றால் கீழே உள்ள 1-ஐயும் மேலே உள்ள VBE-ஐயும் கண்டுகொள்ள வேண்டியதில்லை. மிஞ்சுவது Vref / β. அதை விரித்தால் தொடக்கத்தில் எழுதிய சூத்திரம்.

9 வோல்ட்டுக்கு R1/R2 = 9/2.495 − 1 = 2.61. R2 10 கிலோ ஓம் என்றால் R1 26.1 கிலோ ஓம். பிரீசெட் அந்த இடத்துக்கு வந்துவிடும். β = 10/36.1 = 0.277.

இப்போது A-வுக்கு வெவ்வேறு மதிப்புகள் கொடுத்துப் பாருங்கள்:

- A = 10 என்றால் லூப் கெயின் 2.77, வெளியீடு 6.25 வோல்ட்.
- A = 1,000 என்றால் லூப் கெயின் 277, வெளியீடு 8.970 வோல்ட். சூத்திரம் சொல்லும் 9.007-இலிருந்து 37 மில்லிவோல்ட் குறைவு.
- A = 1,00,000 என்றால் (LM358-இன் வழக்கமான டிசி கெயின்) லூப் கெயின் 27,700. குறைவது 0.4 மில்லிவோல்ட்டுக்கும் கீழே.

லோடு ஏறும்போது VBE 0.3 வோல்ட் கூடினாலும் வெளியீட்டில் அது 0.3/27,700, அதாவது 11 மைக்ரோவோல்ட்தான். டிரான்சிஸ்டரின் குணம் சூத்திரத்தில் காணாமல் போவது இப்படித்தான்.

படி 4: அளந்து பார்ப்பது

லோடு இல்லாமல் பிரீசெட்டைத் திருகி 9.00 வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு 18 ஓம் லோடைப் போடுங்கள். அரை ஆம்பியர் ஓடும். டிரான்சிஸ்டரில் (15 − 9) × 0.5 = 3 வாட் வெப்பம். ஹீட்சிங்க் இல்லாமல் TIP122 ஒரு வாட்டுக்கு 62.5 டிகிரி சூடேறும். 3 வாட்டுக்கு 180 டிகிரிக்கு மேல் ஏறினால் அது தாங்காது.

லோடு போட்டதும் லோடின் முனைகளில் அளந்தால் சில மில்லிவோல்ட் இறங்கியிருக்கும். இது லூப்பின் குறையல்ல, வயரின் குறை. 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 10 செ.மீ. நீளத்துக்கு 3.4 மில்லி ஓம். அரை ஆம்பியரில் 1.7 மில்லிவோல்ட் விழும். லூப் விடும் பிழையைவிட இது பெரிது. R1-இன் மேல் முனையை ஒரு வயரிலும், R2-இன் தரை முனையையும் TL431-இன் ஆனோடையும் சேர்த்து இன்னொரு வயரிலும் லோடு வரை கொண்டுபோய்விட்டால் வயரும் லூப்புக்குள் வந்து, அந்த இறக்கமும் போய்விடும்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அறிய மிக நல்ல அளவீடு 2, 3 பின்களுக்கு இடையே உள்ள மின்னழுத்தம். லூப் வேலை செய்தால் அங்கே சில மில்லிவோல்ட் மட்டுமே இருக்கும். அது LM358-இன் ஆஃப்செட். 10 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் ஆப்-ஆம்ப் எல்லையில் போய் முட்டி நிற்கிறது, லூப் அறுந்துவிட்டது என்று பொருள்.

அப்படி முட்டுவதற்கு வழக்கமான காரணம் உள்ளீடு போதாமை. LM358-இன் வெளியீடு தன் சப்ளைக்கு 1.5 வோல்ட் கீழே வரைதான் ஏறும். அதற்குக் கீழே VBE 1.4. ஆக 9 வோல்ட் வேண்டுமானால் உள்ளீடு குறைந்தது 11.9 வோல்ட். பெஞ்ச் சப்ளையை 15-இலிருந்து மெதுவாக இறக்கிப் பாருங்கள்: 12 அருகே வரும்வரை வெளியீடு அசையாது, அதற்குப் பிறகு உள்ளீட்டோடு சேர்ந்தே இறங்கும். பிரிட்ஜும் கெபாசிட்டரும் வைத்து உள்ளீடு கொடுப்பவர்கள் சராசரியைப் பார்க்கக்கூடாது. ரிப்பிளின் அடிப்புள்ளி 12-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காவிட்டால் வினாடிக்கு நூறு முறை லூப் அறுந்து, வெளியீட்டில் உறுமல் கேட்கும்.

படி 5: ஆசிலேஷனும் 2.2 நானோஃபாரடும்

27,700 என்பது டிசிக்கு மட்டும். LM358-இன் கெயின் சுமார் 10 ஹெர்ட்ஸிலிருந்தே இறங்கத் தொடங்கி 1 மெகாஹெர்ட்ஸில் 1 ஆகிவிடும். லூப் கெயின் 100 ஹெர்ட்ஸில் 2,770, 1 கிலோஹெர்ட்ஸில் 277. இந்த இறக்கத்தோடு 90 டிகிரி ஃபேஸ் தாமதமும் வரும். இன்னொரு 90 சேர்ந்து, அப்போது லூப் கெயின் 1 இருந்தால், நெகட்டிவ் ஃபீட்பேக் பாசிட்டிவாகி சர்க்யூட் ஆசிலேட் ஆகும்.

அந்த இன்னொரு 90-ஐக் கொண்டுவருவது வெளியீட்டு கெபாசிட்டர். லோடு இல்லாதபோது 9 மில்லிஆம்பியரில் டார்லிங்டனின் எமிட்டர் பக்கத் தடை சுமார் 6 ஓம். அதுவும் 10 மைக்ரோஃபாரடும் சேர்ந்து 2.65 கிலோஹெர்ட்ஸில் இரண்டாவது இறக்கத்தைத் தொடங்கும். லூப் கெயின் 1 ஆவது சுமார் 27 கிலோஹெர்ட்ஸில். அங்கே தாமதம் 180 டிகிரியை எட்ட மிச்சமிருக்கும் இடைவெளி, அதாவது ஃபேஸ் மார்ஜின், 6 டிகிரிக்கும் கீழே. லோடு போட்டால் எமிட்டர் தடை குறைந்து நிலைமை சற்றுத் தேறும். ஆகவே லோடு இல்லாத நிலையைத்தான் கறாராகச் சோதிக்க வேண்டும்.

மல்டிமீட்டர் டிசியில் 9 வோல்ட் என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஆசிலோஸ்கோப்பில்தான் ஆசிலேஷன் தெரியும். பழைய எலக்ட்ரோலிட்டிக்கை எடுத்துவிட்டு செராமிக் வைத்ததும் சிலருக்கு ஆசிலேஷன் வருவதற்கும் காரணம் உண்டு: எலக்ட்ரோலிட்டிக்கின் உள்தடை ஃபேஸைக் கொஞ்சம் மீட்டுத் தந்துகொண்டிருந்தது, செராமிக்கில் அது இல்லை.

இதற்குத்தான் 2.2 நானோஃபாரட். அதை ஆப்-ஆம்பின் 1-ஆம் பின்னுக்கும் 2-ஆம் பின்னுக்கும் இடையே போடுங்கள். இப்போது ஆப்-ஆம்ப் ஓர் இன்டெக்ரேட்டர். டிரான்சிஸ்டருக்குப் பின் வரும் தாமதத்தை விட்டுவிட்டால் லூப் கெயின் 1 ஆகும் இடம்:

```
f = 1 / (2π × R1 × C)
  = 1 / (2π × 26.1k × 2.2n) ≈ 2.8 kHz
```

2.65 கிலோஹெர்ட்ஸ் இறக்கத்தையும் சேர்த்தால் அது சுமார் 2.1 கிலோஹெர்ட்ஸுக்கு வரும். ஃபேஸ் மார்ஜின் 50 டிகிரி அளவில் நிற்கும். லோடைச் சட்டென்று போட்டு எடுக்கும்போது வெளியீடு ஓரிரு முறை ஆடி அடங்கிவிடும்.

இதற்கு விலை உண்டு. டிசியில் லூப் கெயின் மாறாது, ஆனால் 100 ஹெர்ட்ஸில் 2,770 இருந்தது சுமார் 28 ஆகிவிடும். ரிப்பிளை அடக்கும் சக்தி அதனால் குறையும். ரிப்பிள் தொந்தரவு செய்தால் 2.2-ஐ 1 நானோஃபாரடாக்கலாம். லூப் கெயின் இரு மடங்குக்கு மேல் கூடும், ஃபேஸ் மார்ஜின் 37 டிகிரி பக்கம் இறங்கும். அதற்கும் கீழே போகுமுன் ஸ்கோப்பை வெளியீட்டில் வைத்து, லோடு இல்லாமல் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.