மாந்தோப்பில் வரும் தலைவலி: சர்க்கரை இறங்கும்போது செய்யும் தவறுகள்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம் பக்கம் மாங்காய் பறிப்பு மும்முரமாக இருக்கும் மே, ஜூன் மாதங்களில் தலை வலித்தால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "வெயிலு மண்டையில ஏறிடுச்சு." கடையில் ஒரு தலைவலி மாத்திரை, ஒரு டீ, மறுபடி வேலை. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர் இப்படிச் செய்வதுதான் முதல் தவறு. வலி மாத்திரை சர்க்கரையை ஏற்றாது; 'சுகர் இல்லாத' டீயும் ஏற்றாது.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 52. கிளிமிபிரைடும் மெட்பார்மினும் சேர்ந்த மாத்திரையைக் காலை ஆறரைக்குப் போட்டுவிட்டார். வண்டி வந்துவிட்டதால், களியைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டார். கிளிமிபிரைட், வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். மரம் ஏறி, கூடை தூக்கும் தசைகளும் சர்க்கரையை இழுக்கின்றன. மூளைக்கு முக்கிய எரிபொருள் குளுக்கோஸ். அது குறைந்ததும் பத்தரை மணிவாக்கில் நெற்றி கனத்து, பொட்டு விண் விண் என்று தெறிக்கிறது.

வெயில் தலைவலியிலும் வேர்க்கும், கிறுகிறுக்கும். ஆனால் வெயில் பெரும்பாலும் பசியை மந்தமாக்கும். சர்க்கரை இறங்கினால் பசி பிடுங்கும், கை நடுங்கும், காரணமில்லாமல் கோபம் வரும். இதை மட்டும் நம்பிவிடவும் முடியாது. ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால் போன்ற மாத்திரை எடுப்பவருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம். மாத்திரை போட்டு எவ்வளவு நேரமாயிற்று, கடைசியாக எப்போது சாப்பிட்டோம் என்ற கணக்குதான் நல்ல துப்பு.

அவரிடம் குளுக்கோமீட்டர் இருக்கிறது. குத்திப் பார்த்தால் 142. "சுகர் நல்லாத்தானே இருக்கு" என்று வைத்துவிடுகிறார். இங்கேதான் அடுத்த தவறு, அதுவும் மாங்காய்க் காலத்துக்கே உரியது. விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் மீட்டர் அந்தச் சர்க்கரையையும் சேர்த்து அளந்துவிடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாலும் முழுதாகப் போகாது. தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்தினால் 58. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே ஆபத்து. மீட்டர் இல்லையா? அறிகுறி இருந்தால் சந்தேகத்தின் பேரிலேயே சர்க்கரை கொடுத்துவிடலாம்.

எதைக் கொடுப்பது? களி வேண்டாம், அது மெல்ல மெல்லத்தான் ஏறும். சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் தாமதமாகும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது போதும். சுமார் 15 கிராம். மாத்திரையில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்ந்திருந்தால் வீட்டுச் சர்க்கரை குடலில் உடைபடத் தாமதமாகும். அவர்களுக்குக் குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். அட்டையின் பின்பக்கத்தை இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

15 நிமிடம் நிழலில் உட்கார்ந்து மறுபடி பார்க்கிறார்: 66. இன்னொரு முறை அதே அளவு. அடுத்து 94. ஆனால் தலைவலி விடவில்லை. இந்த இடத்தில்தான் பலர் கையளவு சர்க்கரையை வாயில் போட்டு 300-க்கு ஏற்றிவிடுகிறார்கள். சர்க்கரை சரியான பிறகும் தலைவலி சற்று நேரம் நீடிக்கலாம். எண்ணைப் பார்த்து நிறுத்த வேண்டும், வலியைப் பார்த்தல்ல. இப்போது தூக்குப்போசியைத் திறக்கலாம். களி இப்போதுதான் உதவும், ஏறிய சர்க்கரையைப் பிடித்து வைக்கும். உடனே மரம் ஏறவோ பைக் எடுக்கவோ கூடாது.

எண் சரியாகியும் வலி குறையாமல் கூடினாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் வலுவிழந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுவதுதான் மிக மோசமான தவறு. அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

கிளிமிபிரைட், கிளிபென்கிளமைடு போன்றவற்றால் இறங்கிய சர்க்கரை, ஏற்றிய பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப இறங்கலாம். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் மறுநாள்கூட இது நடக்கும். அதனால் அன்று இரவு தனியாகப் படுக்க விடாதீர்கள், தூங்கப் போகும் முன் ஒருமுறை பாருங்கள். அடுத்த வேளை மாத்திரை போடுவதா, அளவைக் குறைப்பதா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். அப்போது "தலைவலி வந்துச்சு" என்று மட்டும் சொல்லாமல், மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், 58 என்ற எண், மூன்றையும் சொல்லுங்கள்.