ஆறு வேன் வாங்கும்போது: எங்கே பேரம் பேசுவது, எப்போது விற்பது

கோவையில் முறுக்கும் மிக்சரும் தயாரித்துக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு சிறு நிறுவனத்துக்கு ஆறு சிறிய சரக்கு வேன்கள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் தொகைகள் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் தொகைகளைப் போட்டுப் பாருங்கள்.

முதலில், ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று டீலர்களிடம் எழுத்தில் விலை கேளுங்கள். 'ஆன் ரோடு' விலை என்று மொத்தமாகச் சொன்னால் ஏற்காதீர்கள். ஷோரூம் விலை, வரி, காப்பீடு, உதிரி அலங்காரம், 'ஹேண்ட்லிங்' கட்டணம் எனப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். சாலை வரியிலும், அரசு நிர்ணயிக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டுத் தொகையிலும் பேரத்துக்கு இடமில்லை. மற்ற எல்லாவற்றிலும் உண்டு.

ஒரு டீலர் வேனுக்கு 25,000 ரூபாய் தள்ளுபடி தருகிறார். ஆனால் அவரிடமே 32,000 ரூபாய்க்குக் காப்பீடு எடுக்க வேண்டும், ஹேண்ட்லிங் 6,000. இன்னொருவர் 18,000தான் குறைக்கிறார். ஆனால் காப்பீட்டை வெளியில் 22,000க்கு எடுத்துக்கொள்ளலாம், ஹேண்ட்லிங் கிடையாது. கூட்டிப் பார்த்தால் இரண்டாமவரிடம் வேனுக்கு 9,000, ஆறுக்கும் சேர்த்து 54,000 ரூபாய் மிச்சம். தள்ளுபடி பெரிதாகத் தெரியும் இடத்தில் விலை குறைவாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை!

ஜனவரியில் வழக்கத்தைவிடத் தாராளமாகக் குறைத்தால், வண்டியில் உள்ள தகட்டில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். போன ஆண்டு வண்டியாக இருந்தால், விற்கும்போது ஒரு வயது கூடுதலாகவே மதிப்பிடுவார்கள்.

இனி மாற்றும் காலம். வேன் 6 லட்சம். 1 முதல் 5 ஆண்டு முடிவில் மறுவிற்பனை விலை முறையே 4.8, 4.1, 3.5, 3.0, 2.5 லட்சம். பழுதுச் செலவு 20,000, 30,000, 40,000, 60,000, 90,000 ரூபாய். மதிப்பில் குறைந்ததையும் அதுவரை செய்த பழுதுச் செலவையும் கூட்டி, ஆண்டுகளால் வகுத்தால் சராசரி ஆண்டுச் செலவு கிடைக்கும். மூன்றாம் ஆண்டில் விற்றால் ஏறத்தாழ 1,13,300. நான்காம் ஆண்டில் 1,12,500. ஐந்தாம் ஆண்டில் 1,18,000. நான்காம் ஆண்டு முடிவில் விற்பதே மலிவு. வண்டி ஓடாமல் நிற்கும் நாட்களின் இழப்பையும் பழுதுச் செலவில் சேர்ப்பது நல்லது. பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் ஆறையும் ஒரே நாளில் வாங்கினால், நான்காம் ஆண்டு முடிவில் ஆறையும் மாற்ற ஒரே ஆண்டில் பணம் தேட வேண்டும். அதனால் மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஆண்டுகளின் முடிவில் இரண்டிரண்டாக விற்றுவிடலாம். முன்கூட்டி விற்பவற்றில் வேன் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 800 ரூபாயும், தள்ளி விற்பவற்றில் 5,500 ரூபாயும்தான் கூடுதல் செலவு. அடுத்த முறை இரண்டு வேன்தானே என்று டீலர் தள்ளுபடியைக் குறைப்பார். மூன்று ஆண்டுகளிலும் உங்களிடமே வாங்குகிறேன் என்று சொல்லி, தள்ளுபடி விகிதத்தை அவர்களது கடிதத்தாளில் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.