புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்கு நாயை அழைத்துப் போவது எப்படி?

புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைய. பிள்ளை அங்கே வேலையில் அமர்ந்ததும் பெற்றோரையும் அழைத்துக்கொள்கிறார்கள். வீட்டைக் காலி செய்வது, பள்ளி மாற்றுவது எல்லாம் முன்கூட்டியே பேசப்படும். நாயை என்ன செய்வது என்ற பேச்சு மட்டும் டிக்கெட் எடுத்த பிறகுதான் வரும். அதற்குள் காலம் கடந்திருக்கும். அடையாளச் சிப் இல்லாத ஒரு நாயை இங்கிருந்து பிரான்சுக்குள் கொண்டுபோகக் குறைந்தது நான்கு மாதம் ஆகும். எந்த ஏஜென்ட்டுக்கு எவ்வளவு கொடுத்தாலும் இந்த நான்கு மாதத்தைச் சுருக்க முடியாது.

காரணம் ரேபிஸ். ரேபிஸ் நன்றாகக் கட்டுக்குள் இருப்பதாக ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட நாடுகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. இந்தியா அதில் இல்லை. அதனால் நம் நாய்க்கு ஊசி போட்டால் மட்டும் போதாது. ஊசி வேலை செய்திருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் தெரிய வேண்டும். ஊசிக்கு முன்பே நோய் தொற்றி உள்ளே உறங்கிக்கொண்டிருக்கவில்லை என்று தெரிந்துகொள்ள, ரத்தம் எடுத்த பிறகு மூன்று மாதம் காத்திருக்கவும் வேண்டும். பூனைக்கும் இதே விதிதான்.

வேலைகள் நான்கு: சிப், ஊசி, ரத்தம், காத்திருப்பு. ஒவ்வொன்றும் கடினமில்லை. வரிசை மாறினால்தான் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

முதல் படி: சிப்

அரிசி மணி அளவுள்ள சிப்பை ஊசி வழியாக நாயின் கழுத்துக்குப் பின்னால், தோலுக்கடியில் வைப்பார்கள். மயக்க மருந்து தேவையில்லை. ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்தில், 15 இலக்க எண் கொண்ட சிப்பாக இருக்க வேண்டும். வாங்கும்போதே டாக்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள். வைப்பதற்கு முன் ஒரு முறை, வைத்த பிறகு ஒரு முறை ஸ்கேனரில் காட்டி எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். சிப்போடு வரும் பார்கோடு ஸ்டிக்கர்களைப் பத்திரப்படுத்துங்கள். எண்ணைக் கையால் எழுதுவதைவிட, ஆவணங்களில் அந்த ஸ்டிக்கரை ஒட்டுவதுதான் பாதுகாப்பு. 15 இலக்கத்தில் ஒன்று இடம் மாறினாலும், அந்தக் காகிதம் உங்கள் நாயுடையது அல்ல என்றே விமான நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாம் படி: ரேபிஸ் ஊசி, சிப்புக்குப் பிறகுதான்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. சிப் வைத்த அன்றோ அதற்குப் பிறகோ போட்ட ஊசிதான் கணக்கில் வரும். உங்கள் நாய்க்கு ஐந்து வருடமாக, ஒரு வருடம்கூடத் தவறாமல் ஊசி போட்டிருக்கலாம். சிப் இல்லாமல் போட்டிருந்தால் அந்த ஐந்தும் ஐரோப்பியக் கணக்கில் சேராது. எந்த நாய்க்குப் போட்டது என்று நிரூபிக்க வழியில்லை என்பதுதான் அவர்கள் வாதம். எரிச்சலாக இருக்கும், ஆனால் வாதத்தில் தவறில்லை. ஆகவே ஒரே நாளில் முதலில் சிப், அடுத்து ஊசி என்று முடித்துவிடுங்கள். குட்டியாக இருந்தால் 12 வாரம் நிறைந்த பிறகுதான் இந்த ஊசி.

தடுப்பூசிப் புத்தகத்தில் மருந்தின் பெயர், பேட்ச் எண் உள்ள லேபிள், போட்ட தேதி, எந்தத் தேதி வரை செல்லும் என்பது, டாக்டரின் கையெழுத்து, முத்திரை, பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். கூடவே சிப் எண்ணும் சிப் வைத்த தேதியும். "அடுத்த ஊசி" என்று மட்டும் எழுதி, "இந்தத் தேதி வரை செல்லும்" என்பதை விட்டுவிடுவது நம் ஊர்ப் பழக்கம். கிளினிக்கை விட்டு வெளியே வருவதற்குள் அதை எழுதி வாங்குங்கள்.

மூன்றாம் படி: ரத்தப் பரிசோதனை

ஊசி போட்டு 30 நாளாவது ஆன பிறகு ரத்தம் எடுக்க வேண்டும். இதை டைட்டர் டெஸ்ட் என்பார்கள். ரேபிஸுக்கு எதிரான நோயெதிர்ப்புப் பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகோ அதற்கு மேலோ இருந்தால் தேறியது. ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்தில் செய்தால்தான் செல்லும். அந்தப் பட்டியல் ஐரோப்பிய ஆணையத்தின் தளத்தில் இருக்கிறது. அனுப்பும் நாளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்தப் பரிசோதனைக்கான ஒன்றியத்தின் தலைமை ஆய்வகமே பிரான்சின் நான்சி நகரில்தான் உள்ளது. பக்கத்து லேப் கொடுக்கும் ரிப்போர்ட் எவ்வளவு சரியாக இருந்தாலும் பயன்படாது.

ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்து, குளிர் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். எல்லா கூரியரும் இதை எடுப்பதில்லை. இதற்கு முன் அனுப்பிய அனுபவம் உள்ள டாக்டரைத் தேடிப் போவது நல்லது. புதுச்சேரியில் இல்லையென்றால் சென்னையில் இருப்பார்கள்.

நான்காம் படி: மூன்று மாதம்

மூன்று மாதம் என்பது ரத்தம் எடுத்த தேதியிலிருந்து. ரிப்போர்ட் வந்த தேதியிலிருந்து அல்ல. இந்தக் காலத்தில் நாய் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். ரேபிஸ் ஊசியின் காலம் மட்டும் இடையில் ஒரு நாள்கூட முடிந்துவிடக் கூடாது. முடிவதற்குள் அடுத்த ஊசி போட்டால் பழைய ரத்த ரிப்போர்ட் தொடர்ந்து செல்லும். ஒரு நாள் தவறினாலும் ஊசி, ரத்தம், மூன்று மாதம் எல்லாம் மறுபடியும்.

ஒரு கணக்கு

லாஸ்பேட்டையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மூன்று வயது நாட்டு நாய். 2025 ஜூலையில் ரேபிஸ் ஊசி போட்டாயிற்று, சிப் கிடையாது. பிரான்சில் செப்டம்பரில் பள்ளி திறக்கிறது, அதனால் 2026 ஆகஸ்ட் 20 வியாழக்கிழமை பயணம்.

பின்னாலிருந்து எண்ணினால், ரத்தம் எடுக்கக் கடைசி நாள் மே 20. அதற்கு 30 நாள் முன்பு, ஏப்ரல் 20, சிப்புக்கும் ஊசிக்கும் கடைசி நாள். ஆனால் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். சில நாய்களுக்கு முதல் பரிசோதனையில் 0.5 எட்டாமல் போவதுண்டு.

அதனால் இந்த வீட்டில் ஜனவரி 12 அன்றே சிப்பும் ஊசியும். பிப்ரவரி 16 அன்று ரத்தம். ரிப்போர்ட் நன்றாக வந்தால் மே 16 முதல் பறக்கலாம். மாறாக 0.3 என்று வந்தால்? மார்ச் 12 அன்று இன்னொரு ஊசி, ஏப்ரல் 13 அன்று மறுபடி ரத்தம், மூன்று மாதம் ஜூலை 13 அன்று முடிகிறது. ஒருமுறை தோற்றும் ஆகஸ்ட் பயணம் தப்பியது. ஏப்ரலில் தொடங்கியிருந்தால் டிக்கெட்டைத்தான் மாற்றியிருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: சான்றிதழ்

ஐரோப்பிய ஒன்றியத்துக்கென்று தனிச் சான்றிதழ் படிவம் இருக்கிறது. பிரான்சுக்குப் போகிறீர்கள் என்றால் பிரெஞ்சும் ஆங்கிலமும் சேர்ந்த படிவம் வேண்டும். இதில் அரசின் அதிகாரபூர்வக் கால்நடை மருத்துவர் கையெழுத்திட வேண்டும். நமக்கு அது இந்திய ஒன்றிய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல், சான்றளிப்பு அலுவலகம். சென்னைக் கிளை பள்ளிக்கரணையில் இருக்கிறது. சிப் விவரம், தடுப்பூசிப் புத்தகம், ரத்த ரிப்போர்ட், உங்கள் டாக்டர் தந்த உடல்நலச் சான்று, பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாவற்றின் அசலும் நகலும் எடுத்துப்போங்கள். வணிக நோக்கமில்லை என்ற உங்கள் உறுதிமொழியும் சேரும். நாய் உங்களோடு, அல்லது உங்கள் பயணத்துக்கு ஐந்து நாள் முன்பின்னாக வரலாம்.

கையெழுத்தான நாளிலிருந்து 10 நாளுக்குள் ஐரோப்பாவில் காகிதம் சரிபார்க்கப்பட வேண்டும். நம் கணக்கில் ஆகஸ்ட் 15 சனி, 16 ஞாயிறு. 17 திங்களன்று வாங்கினால், பிழை இருந்தால் திருத்த இரண்டு நாள் கிடைக்கும்; விமானம் தள்ளிப்போனாலும் சில நாள் கையிருப்பு இருக்கும். அலுவலகத்தில் தேதி மட்டும் வாரக்கணக்கில் முன்பே வாங்கிவிடுங்கள். கையெழுத்தும் முத்திரையும் அச்சு மையின் நிறத்தில் இல்லாமல் வேறு நிறத்தில் இருக்க வேண்டும். சிறிய விஷயந்தான், மேசையை விட்டு எழுவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: விமானம்

டிக்கெட் எடுக்கும் முன் நிறுவனத்தைத் தொலைபேசியில் கேட்டு, நாய்க்கு இடம் உறுதி என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரு விமானத்தில் எத்தனை விலங்கு என்பதற்கு வரம்பு உண்டு. சிறிய நாயைக் காலடியில் பையில் வைக்க அனுமதிப்பவர்கள், பையோடு சேர்த்து எடை பார்ப்பார்கள். ஏர் பிரான்சில் அது 8 கிலோ. பெரிய நாய் சரக்கறையில்தான். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களைப் பல நிறுவனங்கள் சரக்கறையில் ஏற்றுவதே இல்லை. வெப்பத்தில் அவற்றுக்கு மூச்சு முட்டும். வழியில் மாறும் விமான நிலையம் முதலில் தொடும் ஐரோப்பிய நகரமாக இருந்தால், காகிதச் சோதனை அங்கேயே நடக்கும்.

கூண்டுக்கு அளவெடுக்க நாயை நிற்க வையுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் அடி வரை 70 செ.மீ., தரையிலிருந்து முழங்கை வரை 30, தோள் அகலம் 20, காது நுனி வரை உயரம் 60 என்றால், கூண்டின் நீளம் 70-உடன் 30-இல் பாதி, அதாவது 85. அகலம் தோளின் இரு மடங்கு, 40. உயரம் 60-உடன் விரிப்பின் கனம். சப்பை மூக்கு நாய்க்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். கூண்டு சிறிதென்றால் கவுன்டரிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

காத்திருக்கும் மூன்று மாதத்தில் கூண்டைக் கூடத்தில் திறந்துவைத்து, அதிலேயே சோறு போட்டு, அதிலேயே தூங்கப் பழக்குங்கள். தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். மயக்கத்தில் இருக்கும் நாயை நிறுவனங்கள் ஏற்பதில்லை. உயரத்தில் ரத்த அழுத்தமும் மூச்சும் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ராட்வைலர் வளர்ப்பவர்களுக்கு

பிரான்சில் சில இன நாய்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. வம்சச் சான்று இல்லாத பிட்புல் வகை நாய்களை நாட்டுக்குள் கொண்டுவரவே தடை. ராட்வைலரைக் கொண்டுபோகலாம். ஆனால் அங்கே நகராட்சியில் வளர்ப்பு அனுமதி வாங்க வேண்டும். அதற்கு உரிமையாளருக்குப் பயிற்சியும் நாய்க்கு நடத்தை மதிப்பீடும் உண்டு. வாடகை வீடு பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

இறங்கிய பிறகு

பெட்டி எடுத்ததும் பச்சை வழியில் நடந்துவிடாமல், சுங்க அதிகாரியிடம் நாயோடு போய்க் காகிதங்களைக் காட்டுங்கள். சிப்பை ஸ்கேன் செய்து எண்ணை ஒப்பிடுவார்கள். பொருந்தாவிட்டால் நாயைத் திருப்பி அனுப்பலாம், உங்கள் செலவில் தனிமையில் வைக்கலாம், இரண்டும் முடியாதபோது கொல்லவும் சட்டம் இடம் தருகிறது. முடிந்ததும் குடியேறிய ஊரில் ஒரு கால்நடை மருத்துவரைப் பார்த்து, ஐ-கேட் என்ற தேசியப் பதிவேட்டில் சிப் எண்ணைப் புதிய முகவரியோடு சேருங்கள். அப்போதே ஐரோப்பியச் செல்லப்பிராணி பாஸ்போர்ட்டும் கேளுங்கள். நம் கணக்கில் ரத்தம் முதல் தடவையே தேறியிருந்தால் ஊசி 2027 ஜனவரியில் முடிகிறது. அதற்குள் அடுத்ததைப் போட்டு அந்தப் பாஸ்போர்ட்டில் பதிந்துவிட்டால், பக்கத்து நாடுகளுக்குப் போக இன்னொரு ரத்தப் பரிசோதனை வேண்டாம்.