பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அம்மாவுக்கு நீங்கள் ஏன் கட்டளை போடுகிறீர்கள்?

சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஒரு மாடி அறையில் சில வருஷமாக ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். பெரும்பாலும் கேம்பிரிட்ஜ் பி2 ஃபர்ஸ்ட். அதன் பேச்சுத் தேர்வில் இரண்டு பேரை ஒன்றாக உட்கார வைத்து 14 நிமிஷம் பேச விடுவார்கள். இரண்டாம் பகுதியில் ஒவ்வொருவருக்கும் இரண்டு படம், ஒரு நிமிஷம். படங்களை ஒப்பிட்டு, மேலே அச்சிட்டிருக்கும் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். மூன்றாம் பகுதியில் இருவரும் சேர்ந்து விவாதிக்க இரண்டு நிமிஷமும், ஒரு முடிவுக்கு வர ஒரு நிமிஷமும் உண்டு. படத்தில் இருப்பவர் யார், ஏன் அங்கே நிற்கிறார், என்ன நினைக்கிறார் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. ஊகித்துத்தான் பேச வேண்டும். மைட், மஸ்ட், கான்ட் எல்லாம் அங்கேதான் வேலைக்கு வருகின்றன.

போன வாரம் ஒரு பையன் பேசியதைக் கேட்டபோது பழைய என்னையே கேட்ட மாதிரி இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். 'மஸ்ட் டு கோ' என்று நடுவில் டு போடுவது, 'ஷி மஸ்ட்ஸ்' என்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும்.

மஸ்டுக்குப் பின்னால் வெறும் வினை

போகவே போகாத தவறு இதுதான். வகுப்புக்கு நானே எடுத்த படம் ஒன்று வைத்திருக்கிறேன். சேலம் புது பஸ் ஸ்டாண்டில், ஏற்காடு என்று எழுதிய பலகைக்குக் கீழே ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறார். மடியில் குழந்தை தூங்குகிறது. காலடியில் ஒரு தூக்குப் பாத்திரமும் அரிசிப் பையும். பக்கத்தில் சொட்டச் சொட்ட நனைந்த குடை. பையன் படத்தைப் பார்த்ததும் தயங்காமல் சொன்னான்: "ஷி மஸ்ட் வெயிட் ஃபார் தி பஸ்."

அவன் சொல்ல நினைத்தது 'பஸ்ஸுக்கு வெயிட் பண்றாங்க போல'. அவன் சொன்னதோ 'அந்தம்மா பஸ்ஸுக்குக் காத்திருந்தே ஆக வேண்டும்'. கண்டக்டர் போடும் உத்தரவு மாதிரி இருக்கிறது. நடந்துகொண்டிருக்கும் செயலைப் பற்றி ஊகிக்கிறோம் என்றால் 'ஷி மஸ்ட் பி வெயிட்டிங்' என்றுதான் வர வேண்டும்.

சரி, மஸ்டை விட்டுவிட்டு வேறு சொல் போட்டால் தப்பித்துவிடலாமா? முடியாது. 'ஷி மைட் வெயிட்' என்றால் இனிமேல் காத்திருந்தாலும் காத்திருப்பார் என்று எதிர்காலத்துக்குப் போய்விடும். கான்ட் இன்னும் மோசம். 'பஸ்ஸுக்காக உட்கார்ந்திருக்க மாட்டார்' என்று நினைத்துக்கொண்டு ஒரு மாணவி 'ஷி கான்ட் வெயிட் ஃபார் தி பஸ்' என்றாள். பஸ் எப்போது வரும் என்று அந்தம்மா துள்ளிக் குதித்துக்கொண்டிருக்கிறார் என்று ஆகிவிட்டது. 'கான்ட் பி வெயிட்டிங்' என்றிருந்தால் அவள் நினைத்த பொருள் வந்திருக்கும்.

என் கதைக்கு வருகிறேன். நான் தேர்வு எழுதியபோது எனக்கு வந்த படத்தில் ஓர் ஓட்டல் சமையலறையில் ஒருவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். 'ஹி மஸ்ட் வாஷ் தி டிஷஸ்' என்று ஆரம்பித்து, அந்த ஒரு நிமிஷத்துக்குள் நாலு தடவை அவரை வேலை வாங்கிவிட்டேன். எதிரே இருந்த தேர்வாளர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இருக்கவும் இருக்காது. அங்கே யாரும் திருத்த மாட்டார்கள். ஓரமாக உட்கார்ந்திருக்கும் இன்னொரு தேர்வாளர் மதிப்பெண்ணை மட்டும் குறித்துக்கொள்வார். ஒரு வருஷம் கழித்து, வகுப்புக்காக என் பேச்சை செல்போனில் பதிந்து கேட்டபோதுதான் உறைத்தது. இப்போது அதே வாக்கியத்தை மாணவர்கள் வாயில் கேட்டால் எரிச்சல் வருவது அவர்கள் மேல் இல்லை.

இது ஏன் ஒட்டிக்கொண்டே இருக்கிறது என்று யோசித்ததில் இரண்டு காரணம் கிடைத்தது. ஒன்று, நம் வாயில் வரும் 'போல'. 'வெயிட் பண்றாங்க' என்ற முழு வாக்கியத்தின் வாலில் போலவை ஒட்டிவிட்டால் ஊகம் ஆகிவிடும். வினையைத் தொடவே வேண்டாம். அதே பழக்கத்தில் போலவுக்குப் பதிலாக மஸ்டைச் செருகிவிட்டு, வினையை அப்படியே விட்டுவிடுகிறோம். இரண்டாவது காரணம் பாதி நேரம் அது சரியாகவே அமைந்துவிடுவது. 'தெரியும்' என்ற பொருளில் வரும் நோ, அப்புறம் லைக், வான்ட், ஃபீல் போல ஒரு நிலையைச் சொல்லும் வினைகளுக்கு ஐஎன்ஜி தேவையில்லை. 'ஷி மஸ்ட் நோ தி டிரைவர்', 'ஷி மஸ்ட் ஃபீல் கோல்ட்' இரண்டுமே நல்ல ஊகங்கள்தான். இவை சரியாக வருவதால் வெயிட், வாஷ், செல், வாக் போன்ற செயல் வினைகளிலும் அப்படியே போய் விழுகிறோம்.

நான் கொடுக்கும் மருந்து எளிது. முதலில் ஊகமே இல்லாமல், நேரில் பார்த்துத் தெரிந்த மாதிரி வாக்கியத்தைச் சொல்லுங்கள்: 'ஷி இஸ் வெயிட்டிங்'. அப்புறம் இஸ்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'மஸ்ட் பி' வையுங்கள். மற்றதைத் தொடாதீர்கள். முடிந்துபோன செயல் என்றால் 'மஸ்ட் ஹேவ்' வைத்து வினையின் மூன்றாம் வடிவத்தைப் போடுங்கள். 'ஷி காட் வெட்' என்பது 'ஷி மஸ்ட் ஹேவ் காட் வெட்' ஆகும்.

தமிழிலேயே சரிபார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. போலவை விட்டுவிட்டு 'இருக்கணும்' போட்டு யோசித்துப் பாருங்கள். 'களைப்பா இருக்கணும்' என்றால் மஸ்ட் பி டயர்ட். 'வெயிட் பண்ணிட்டு இருக்கணும்' என்றால் மஸ்ட் பி வெயிட்டிங். 'நனைஞ்சிருக்கணும்' என்றால் மஸ்ட் ஹேவ் காட் வெட். 'ரொம்ப நேரமா வெயிட் பண்ணிட்டு இருந்திருக்கணும்' என்றால் மஸ்ட் ஹேவ் பீன் வெயிட்டிங். தமிழில் ஓர் 'இரு' வந்தால் ஆங்கிலத்தில் ஒரு பி அல்லது ஒரு ஹேவ் வந்தாக வேண்டும். கடைசி வாக்கியத்தில் இரண்டு 'இரு' இருக்கிறது பாருங்கள், அங்கே ஹேவும் பீனும் வந்துவிட்டன. நிலை வினைகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது. 'தெரிஞ்சிருக்கணும்' என்பதில் இரு இருந்தாலும் அது வெறும் மஸ்ட் நோதான்.

ஏற்காட்டிலிருந்து தினமும் இறங்கி வந்த ஒரு மாணவி இதைப் பஸ்ஸிலேயே பழகினாள். சேலம் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு ஒரு வாக்கியம். ஜன்னலில் தெரிகிறவர் யாராக இருந்தாலும் ஓர் இஸ் வாக்கியம், உடனே ஒரு மஸ்ட் பி வாக்கியம். மூன்றாவது வாரம் அவளுக்கு அது வாயோடு ஒட்டிவிட்டது.

இருக்கலாம் என்றால் கேன் இல்லை

போகலாம், சாப்பிடலாம் என்பதற்கெல்லாம் பள்ளியில் கேன் என்று சொல்லிக் கொடுத்திருப்பதால், 'டீச்சரா இருக்கலாம்' என்பதும் 'ஷி கேன் பி எ டீச்சர்' ஆகிவிடுகிறது. கேட்பவருக்கு, அவர் விரும்பினால் டீச்சர் ஆகலாம், தகுதி இருக்கிறது என்றுதான் படும். படத்தில் இருக்கும் குறிப்பிட்ட ஓர் ஆளைப் பற்றிய ஊகம் என்றால் மைட், குட், மே மூன்றில் ஒன்றுதான்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், விவாதப் பகுதியில் அதே கேன் சரியாக இருக்கும். அங்கே பேசுவது ஓர் ஆளைப் பற்றி இல்லை, பொதுவாகச் சில சமயம் நடப்பதைப் பற்றி. 'இட் கேன் பி வெரி கோல்ட் இன் ஏற்காடு' என்றால் சில நாள் நல்ல குளிர் இருக்கும் என்று பொருள். அதில் பிழையே இல்லை. வாக்கியத்தில் 'சில சமயம்' என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் கேன் போடலாம். 'அந்தம்மா சில சமயம் டீச்சர்' என்று யாரும் சொல்ல மாட்டோம். அங்கே மைட்தான்.

மஸன்ட்

'செய்யக் கூடாது' என்று தடைப் பலகை எழுதும்போது மட்டும். 'ஷி மஸன்ட் பி எ டூரிஸ்ட்' என்கிறீர்களே, 'டூரிஸ்டா இருக்கக் கூடாது' என்றா சொல்ல வந்தீர்கள்? 'இருக்க முடியாது' என்றால் கான்ட் பி. அமெரிக்கர்கள் மஸ்ட் நாட் என்று பிரித்து, ஊகமாகவும் சொல்வதுண்டு. உங்களுக்கு அந்த வம்பு வேண்டாம்.

மேபி, மேபி, மேபி

ஒரு நிமிஷத்துக்கு ஒன்று போதும்.

கண்ணில் படாததுக்கு மஸ்ட் போடுவது

மஸ்ட் என்றால் 'வேறு மாதிரி இருக்க வழியில்லை' என்கிறோம். அப்படியானால் எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறோம் என்று அடுத்த மூச்சில் வர வேண்டும். ஏற்காடு பலகைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார், அதனால் மஸ்ட் பி வெயிட்டிங். அரிசிப் பையும் தூக்குப் பாத்திரமும் இருக்கிறது, அதனால் கான்ட் பி எ டூரிஸ்ட். குடை சொட்டுகிறது என்றால் மழை பெய்திருக்க வேண்டும், அதுவும் மஸ்ட்தான். ஆனால் மலையில் பெய்த மழையா, பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே பெய்த மழையா? படத்தில் அதற்குத் தடயம் இல்லை. அங்கே 'இட் மைட் ஹேவ் பீன் ரெய்னிங் இன் தி ஹில்ஸ்' என்று இறங்கி வரத்தான் வேண்டும். குழந்தையின் அப்பா வெளிநாட்டில் இருப்பதாக ஒரு பையன் மஸ்ட் போட்டுச் சொன்னான். தடயம் என்னவென்று கேட்டேன். படத்தில் அப்பா இல்லையாம்.

விவாதத்தில் இதற்கு வேறொரு விலை இருக்கிறது. மஸ்ட் போட்டு ஒன்றைச் சொன்னால் கூட இருப்பவருக்குப் பேச இடம் இருக்காது. 'ஐ அக்ரீ' என்பார், இரண்டு நிமிஷத்தில் ஒன்றரை நிமிஷம் மௌனமாகப் போகும். நகரத்தை விட்டுச் சிலர் ஏன் மலை ஊர்களுக்குக் குடிபோகிறார்கள் என்று ஒரு தலைப்பு கொடுத்திருந்தேன். சேலத்துப் பையன் ஒருவன் எடுத்த எடுப்பில் "இட் மஸ்ட் பி போரிங் அப் தேர்" என்றான். அவன் ஏற்காட்டுக்குப் போனது ஒரே ஒரு முறை, படகு விட. எதிரே உட்கார்ந்திருந்தவள் அந்த இருபது வளைவுக்காரி. கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இட் கேன் பி, வென் தி கரன்ட் கோஸ். பட் யூ கான்ட் ஹேவ் ஸ்டேய்ட் ஃபார் எ நைட்." அதற்குப் பிறகு அவர்களை நிறுத்த நான்தான் மணி அடிக்க வேண்டியிருந்தது.